ஜவுளிக் கடைக்கு ஓர் ஆண்டு இலக்கு, நான்கு சோதனைகள்

சிறு வணிகத்துக்கு ஆண்டு இலக்கு போடும்போது முதலில் எழுத வேண்டியது, அந்த ஆண்டில் கடை எவ்வளவு பணத்தைத் தாங்கியாக வேண்டும் என்ற தொகை. விற்பனை இலக்கு அதிலிருந்து பின்னோக்கிக் கணக்கிட்டு வர வேண்டும். பெரும்பாலான கடைகளில் இது தலைகீழாக நடக்கிறது. போன வருடம் 80 லட்சம், இந்த வருடம் ஒரு கோடி என்று ஒரு முழு எண் முடிவாகிவிடும். அந்த ஒரு கோடி எதற்கு என்று கேட்டால் பதில் வராது.

தாலுகா ஊர் ஒன்றின் பேருந்து நிலையத்தை ஒட்டி இருக்கும் ஒரு ரெடிமேட் ஜவுளிக் கடையை மாதிரிக்கு வைத்துக்கொள்ளலாம். உரிமையாளரும் நான்கு வேலையாட்களும் இருக்கும் கடை. 2025-26 நிதியாண்டில் ஜிஎஸ்டி நீங்கலாக விற்பனை 80 லட்சம் ரூபாய். சரக்கு வாங்கிய விலையைக் கழித்தால் நின்ற மொத்த லாபம் 17.6 லட்சம், அதாவது விற்பனையில் 22 சதவீதம். வாடகை, சம்பளம், மின்சாரம், வண்டிச் சத்தம், வங்கி வட்டி, தீபாவளி போனஸ் எல்லாம் சேர்த்துச் செலவு 12.24 லட்சம். உரிமையாளர் வீட்டுச் செலவுக்கு மாதம் 40,000 எடுத்ததில் 4.8 லட்சம். மீதி 56,000 ரூபாய். ஆனால் வங்கிக் கடனில் அசலாகத் திருப்பிக் கட்டியது 2 லட்சம். அப்படியானால் 1.44 லட்சம் எங்கிருந்து வந்தது? மொத்த வியாபாரிகளுக்குக் கொடுக்க வேண்டிய பாக்கியைத் தள்ளிப்போட்டதில் வந்தது. நன்றாக ஓடுவதாகத் தெரியும் கடையில் கொள்முதல் பாக்கி மட்டும் வருடா வருடம் ஏறிக்கொண்டே போவதன் காரணம் பல நேரங்களில் இதுதான்.

இந்தக் கணக்கில் பலரும் விட்டுவிடும் வரி, உரிமையாளர் எடுக்கும் தொகை. கல்லாவிலிருந்து அவ்வப்போது எடுப்பதால் அது செலவாகவே தெரிவதில்லை. மாதம் இவ்வளவு என்று எழுதி வைக்காத வரை எந்த இலக்கும் நிற்காது.

அடுத்த ஆண்டுக்கான தேவையை எழுதினால் இப்படி வரும். சம்பள உயர்வையும் சேர்த்துச் செலவு 13 லட்சம், வீட்டுக்கு 4.8 லட்சம், கடன் அசல் 2 லட்சம், கையிருப்பாக நிற்க வேண்டியது ஒரு லட்சம். மொத்தம் 20.8 லட்சம். இவ்வளவு மொத்த லாபம் வர வேண்டும். இதே 22 சதவீத லாபத்தில் அதை ஈட்ட ஏறத்தாழ 94.5 லட்சத்துக்கு விற்க வேண்டும். அது 18 சதவீத வளர்ச்சி. ஒரே ஊரில், அதே கடையில், அதே ஆட்களோடு எளிதில் வராது. லாப விகிதம் 24 சதவீதமாக உயர்ந்தால் 87 லட்சம் போதும், வளர்ச்சி 9 சதவீதத்துக்குள் அடங்கிவிடும். விகிதத்தில் இரண்டு புள்ளி கூடுவது, ஏழரை லட்சம் ரூபாய் கூடுதல் விற்பனை செய்ய வேண்டிய வேலையைச் செய்துவிடுகிறது.

விகிதத்தைப் பற்றி ஓர் எச்சரிக்கை. 100 ரூபாய்க்கு வாங்கிய சட்டையை 125-க்கு விற்பவர் 25 சதவீதம் லாபம் என்றே சொல்வார். வாங்கிய விலையின் மேல் வைத்தது 25 சதவீதம்தான். விற்பனையில் பார்த்தால் அது 20 சதவீதம். மேலே உள்ள எண்கள் எல்லாம் விற்பனையின் மீது கணக்கிட்டவை. இரண்டையும் கலந்தால் ஆண்டு முடிவில் லட்சக்கணக்கில் உதைக்கும்.

லாப விகிதம் ஏன் 22-லேயே நிற்கிறது என்று தேடினால் பதில் அலமாரியின் மேல்தட்டில் இருக்கும். மார்ச் 31 அன்று கடையில் இருப்பு, வாங்கிய விலையில், 30 லட்சம். அதில் ஆறு மாதத்துக்கு மேல் கிடக்கும் சரக்கு 7 லட்சம். அது கடைசியில் தள்ளுபடியில்தான் போகிறது, நல்ல சரக்கில் வரும் லாபத்தையும் இழுத்துக்கொண்டு போகிறது. எனவே கடைக்கு மூன்று இலக்குகள் போதும். விற்பனை 87 லட்சம், மொத்த லாபம் 24 சதவீதம், ஆறு மாதத்தைத் தாண்டிய சரக்கு 7 லட்சத்திலிருந்து 3 லட்சத்துக்குக் குறைய வேண்டும். புதுக் கிளை, ஆன்லைன் விற்பனை, கடை முகப்பு மாற்றம் என்று பட்டியலை நீட்ட ஆசை வரும். உரிமையாளரே கல்லாவிலும் உட்கார்ந்து கொள்முதலுக்கும் போகும் கடையில் நாலாவது இலக்கு எழுதியதோடு சரி.

நான்கால் வகுக்கக் கூடாது

87 லட்சத்தை நான்கால் வகுத்தால் காலாண்டுக்கு 21.75 லட்சம். ஜவுளிக் கடைக்கு இந்த எண் எந்தக் காலாண்டிலும் பொருந்தாது. ஏப்ரல் முதல் ஜூன் வரை முகூர்த்தங்களும் பள்ளிச் சீருடையும் இருக்கும். ஜூலை நடுவில் ஆடி பிறந்துவிடும். கல்யாணம் கிடையாது, தள்ளுபடி விற்பனைதான். அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான காலாண்டில் தீபாவளி வரும். ஜனவரியில் பொங்கல், பிறகு மந்தம். பழைய பில்களை மாதவாரியாகக் கூட்டிப் பார்த்தால் கடையின் இயல்பான பங்கீடு தெரிந்துவிடும். இரண்டு மூன்று ஆண்டு பில்கள் இருந்தால் இன்னும் நல்லது.

ஆனால் தீபாவளி ஒரே தேதியில் வருவதில்லை. 2025-இல் அக்டோபர் 20. அதற்கு முந்தைய 30 நாட்களில் 11 நாட்கள் செப்டம்பரில், அதாவது இரண்டாம் காலாண்டில் விழுந்தன. 2026-இல் தீபாவளி நவம்பர் 8. முப்பது நாளும் மூன்றாம் காலாண்டுக்குள் வந்துவிடும். போன ஆண்டின் ஜூலை-செப்டம்பரோடு இந்த ஆண்டின் ஜூலை-செப்டம்பரை அப்படியே ஒப்பிட்டால் வியாபாரம் படுத்துவிட்டது போலத் தெரியும். உண்மையில் பண்டிகைதான் நகர்ந்திருக்கும்.

மாதிரிக் கடையில் போன ஆண்டு விற்பனை காலாண்டுவாரியாக 18.5, 19, 26, 16.5 லட்சம். இரண்டாம் காலாண்டின் 19 லட்சத்தில் தீபாவளிக்காக விற்றது 3.5 லட்சம் என்று செப்டம்பர் கடைசிப் பத்து நாள் பில்கள் காட்டினால், அதை மூன்றாம் காலாண்டுக்கு மாற்றிய பிறகே வளர்ச்சியைச் சேர்க்க வேண்டும். அப்படிச் செய்தால் 2026-27-க்கான இலக்கு 20, 17, 32, 18 லட்சம் என்று அமையும். இரண்டாம் காலாண்டில் இலக்கே போன ஆண்டை விடக் குறைவு. அதைப் பார்த்துப் பதற வேண்டியதில்லை.

லாப விகிதமும் காலாண்டுக்குக் காலாண்டு மாற வேண்டும். பழைய சரக்கைத் தள்ள ஆடிதான் சரியான நேரம். 3 லட்ச ரூபாய் சரக்கு வாங்கிய விலைக்கே போகும் என்று வைத்துக்கொண்டால், அந்தக் காலாண்டின் 17 லட்சத்தில் மீதி 14 லட்சத்துக்குத்தான் லாபம் உண்டு. விகிதம் 20-க்கு இறங்கிவிடும், மொத்த லாபம் 3.4 லட்சம். மற்ற மூன்று காலாண்டிலும் 25 சதவீதம் வந்தால் 5, 8, 4.5 லட்சம். கூட்டினால் 20.9 லட்சம், தேவையான தொகைக்குச் சற்று மேலே. பழைய சரக்கைத் தள்ளுவதும் லாப விகிதத்தை உயர்த்துவதும் ஒன்றுக்கொன்று முட்டும் இலக்குகள். எந்தக் காலாண்டில் எது விட்டுக்கொடுக்கும் என்பதை முன்பே எழுதிவிட்டால்தான் ஆடியில் கடைக்காரர் கை நடுங்காமல் விலையை இறக்குவார்.

இதே கணக்கு இன்னொன்றையும் சொல்கிறது. போனஸ் நீங்கலான செலவு, வீட்டுத் தொகை, கடன் அசல் மூன்றும் சேர்ந்து காலாண்டுக்குச் சுமார் 4.8 லட்சம். இரண்டாம் காலாண்டின் லாபம் 3.4 லட்சம்தான். 1.4 லட்சம் துண்டு விழும், அதுவும் தீபாவளிக் கொள்முதலுக்குப் பணம் புரட்ட வேண்டிய நேரத்தில். ஏப்ரலிலேயே இது தெரிந்தால் வங்கியில் ஓவர்டிராஃப்ட் வரம்பைப் பேசி வைக்கலாம். செப்டம்பரில் தெரிந்தால் கந்துவட்டிக்காரரிடம் போக வேண்டியிருக்கும்.

எண்ணிப் பார்ப்பது எப்படி

காலாண்டுச் சோதனைக்கு உகந்த நாள், காலாண்டு முடிந்த அடுத்த மாதத்தின் பத்தாம் தேதி. ஆண்டு விற்பனை 5 கோடி வரை உள்ளவர்கள் வரியை மாதாமாதம் கட்டிக்கொண்டே ஜிஎஸ்டி ரிட்டர்னை மட்டும் காலாண்டுக்கு ஒருமுறை தாக்கல் செய்யும் வசதி உண்டு. அதில் விற்பனைப் பட்டியலுக்குக் கடைசி நாள் 13, வரிக் கணக்குக்குத் தமிழ்நாட்டில் 22. எப்படியும் அந்த வாரத்தில் பில்கள் எல்லாம் ஆடிட்டர் அலுவலகத்துக்குப் போகும். வரி நீங்கிய விற்பனைத் தொகை அங்கேயே கூட்டிக் கிடைத்துவிடும், தனியாக உழைக்கத் தேவையில்லை.

கடினமான பகுதி இருப்பு எடுப்பதுதான். காலாண்டுத் தொடக்க இருப்போடு கொள்முதலைக் கூட்டி, முடிவு இருப்பைக் கழித்தால் விற்ற சரக்கின் அடக்க விலை கிடைக்கும். முடிவு இருப்பை எண்ணாமல் லாப விகிதம் சொல்ல முடியாது. சொன்னால் அது ஊகம். மூவாயிரம் உருப்படி உள்ள கடையை ஒரே இரவில் எண்ணுவது சிரமம். காலாண்டின் கடைசி வாரத்தில் ஒரு நாள் ஆண்கள் சட்டை, மறுநாள் பேன்ட், அடுத்த நாள் குழந்தைகள் உடுப்பு என்று பிரிவு பிரிவாகக் கடை திறக்கும் முன் எண்ணலாம். எண்ணி முடித்த பிரிவில் பிறகு விற்றதைக் கழித்து, புதிதாக வந்ததைக் கூட்டிக்கொண்டால் போதும்.

பல ஜவுளிக் கடைகளின் விலைச் சீட்டில் வாங்கிய விலை ரகசிய எழுத்துகளில் இருக்கும். பத்து வெவ்வேறு எழுத்துகள் கொண்ட ஒரு சொல்லை வைத்துக்கொண்டு ஒவ்வோர் எழுத்துக்கும் ஓர் இலக்கம் கொடுப்பது பழைய வழக்கம். பேரம் பேசும்போது வாடிக்கையாளர் அறியாமல் விற்பனையாளர் அடக்க விலையைப் படித்துக்கொள்ள உதவும். இதோடு காலாண்டுக்கு ஒரு நிறமாகச் சிறு வட்ட ஸ்டிக்கர் ஒட்டினால் சரக்கின் வயது தூரத்திலிருந்தே தெரிந்துவிடும். ஏப்ரல்-ஜூனில் வந்தது பச்சை, ஜூலை-செப்டம்பரில் வந்தது மஞ்சள் என்று வைத்துக்கொண்டால், ஜனவரியில் பச்சை வட்டத்தோடு தொங்கும் எதுவும் ஆறு மாதத்தைத் தாண்டியது. கணினி பில்லிங் இருக்கும் கடையில் இதையே மென்பொருள் சொல்லும். ஆனாலும் வேலையாளின் கண்ணுக்கு ஸ்டிக்கர்தான் முதலில் படும். எதை எடுத்து முன்னே வைக்க வேண்டும் என்று அவருக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை.

பத்தாம் தேதி உட்காரும்போது ஒரு பக்கம் போதும். விற்பனை, மொத்த லாபம், ஆறு மாதச் சரக்கு மூன்றுக்கும் இலக்கும் நடந்ததும் பக்கத்தில் பக்கம். கீழே வர வேண்டிய கடன், கொடுக்க வேண்டிய பாக்கி, வங்கியிலும் கல்லாவிலும் உள்ள ரொக்கம். அதற்கும் கீழே அடுத்த காலாண்டில் மாற்றப்போகும் ஒன்றோ இரண்டோ. கடைசிப் பகுதி வெறுமையாக இருந்தால் சோதனை நடக்கவில்லை, கணக்குத்தான் எழுதப்பட்டிருக்கிறது.

எண்கள் பேசும்போது

ஜூலை 10. முதல் காலாண்டில் இலக்கு 20 லட்சம், விற்றது 21 லட்சம். கடைக்காரருக்கு மகிழ்ச்சி. தொடக்க இருப்பு 30 லட்சம், கொள்முதல் 17.38 லட்சம், முடிவு இருப்பு 31 லட்சம். ஆக விற்ற சரக்கின் அடக்கம் 16.38 லட்சம், மொத்த லாபம் 4.62 லட்சம். இலக்கு 5 லட்சம். விற்பனை கூடியும் லாபம் குறைந்திருக்கிறது.

பில்களைப் பிரித்துப் பார்த்தால் காரணம் கிடைக்கிறது. ஒரு பள்ளிக்கு 3 லட்ச ரூபாய்க்குச் சீருடை கொடுத்ததில் லாபம் 10 சதவீதம். அந்த 30,000-ஐ ஒதுக்கிவிட்டால் மீதி 18 லட்ச விற்பனையில் 4.32 லட்சம், 24 சதவீதம். அதிலும் ஒரு புள்ளி குறைவு, ஆனால் பெரிய பள்ளம் சீருடையால் வந்தது. அதைவிட முக்கியமானது, அந்த 3 லட்சமும் இன்னும் வரவில்லை. லாபத் தாளில் விற்பனையாக நிற்கும் பணம் கல்லாவில் இல்லை. தீபாவளிச் சரக்கு வாங்கப் போகும்போது இந்த 3 லட்சம்தான் குறையும்.

இங்கே எடுக்க வேண்டிய முடிவு, பணம் ஆகஸ்ட் 15-க்குள் வந்து சேர வேண்டும் என்று பள்ளி நிர்வாகத்தோடு பேசி முடிப்பதும், அடுத்த ஆண்டு சீருடைக்குப் பாதிப் பணம் முன்பணமாக வாங்காமல் துணி வெட்டுவதில்லை என்று எழுதி வைப்பதும். ஆண்டு இலக்கில் கை வைக்கக் கூடாது. ஒரு காலாண்டை மட்டும் வைத்து இலக்கை உயர்த்துவதும் தாழ்த்துவதும், எண்ணை நடப்புக்குத் தகுந்தபடி வளைப்பதாகவே முடியும்.

அக்டோபர் 10-இல் தெரிவது வேறு விஷயம். ஆடியில் 3 லட்சத்துக்குப் பழைய சரக்கு போக வேண்டியது, 2.2 லட்சம்தான் போயிருக்கிறது. மீந்த 4.8 லட்சத்தை எடுத்துப் பார்த்தால் பெரும்பகுதி ஓரத்து அளவுகள். சட்டையில் 36-உம் 44-உம் அடுக்கி வைத்தபடி இருக்கின்றன. 40-உம் 42-உம் முன்பே தீர்ந்துவிட்டன. தேவைப்படாத அளவை இருபது சதவீதம் குறைத்தாலும் யாரும் வாங்கப் போவதில்லை. ஈரோட்டுச் சந்தையிலோ திருப்பூர் காதர்பேட்டையிலோ மொத்தமாக எடுக்கும்போது சரக்கு செட்டாக வரும், அளவுக்கு ஒன்று என்று. ஆனால் ஊரில் விற்பது அந்த விகிதத்தில் இல்லை. ஆகவே கோளாறு விற்பனையில் இல்லை, கொள்முதலில் இருக்கிறது. நடு அளவுகளைக் கூடுதலாகத் தரும் மொத்த வியாபாரியைப் பிடிப்பது, அல்லது உருப்படிக்குச் சில ரூபாய் கூடக் கொடுத்து உதிரியாக எடுப்பது, இரண்டில் ஒன்று செய்ய வேண்டும். ஆடித் தள்ளுபடியை ஐம்பது சதவீதம் ஆக்குவது இதற்கு மருந்தல்ல.

தீபாவளி நவம்பரில் வரும் ஆண்டில் இந்தச் சோதனைக்கு அக்டோபர் 10 சற்றுத் தாமதம்தான், பாதிக் கொள்முதல் முடிந்திருக்கும். அக்டோபரிலேயே தீபாவளி வரும் ஆண்டில் அந்த நேரம் கடையில் தலை நிமிர முடியாது. ஆகவே பழைய சரக்கின் அளவுப் பட்டியலை மட்டும் ஆகஸ்ட் கடைசியில், ஆடி முடிந்த கையோடு எடுத்துவிடுவது நல்லது. விற்பனை, லாபக் கணக்கு பிறகு வரட்டும். நான்கு சோதனையும் ஒரே அச்சில் இருந்தாக வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை.

ஆண்டு இலக்கைத் திருத்த அனுமதி உண்டென்றால் அது இந்த இரண்டாவது சோதனையில்தான், அதுவும் இலக்குப் போட்டபோது நம்பிய ஏதோ ஒன்று உடைந்திருந்தால் மட்டும். கடை முன்னால் மேம்பால வேலை தொடங்கிவிட்டது, எதிரில் பெரிய ஜவுளி நிறுவனம் கிளை திறந்துவிட்டது போன்றவை அப்படிப்பட்டவை. மழை, மந்தம், கூட்டமில்லை என்பவை அல்ல. திருத்தும்போது பழைய எண்ணை அழிக்காமல் கோடு போட்டு, பக்கத்தில் புதியதையும் காரணத்தையும் எழுத வேண்டும்.

மூன்றாம் காலாண்டில் விற்பனையைத் தேதிக்குத் தேதி ஒப்பிடாமல், தீபாவளிக்கு முந்தைய 30 நாட்களை முந்தைய ஆண்டின் அதே 30 நாட்களோடு ஒப்பிட வேண்டும். அதுதான் நேரான ஒப்பீடு. இந்தக் காலாண்டின் ஆபத்து வேறிடத்தில் இருக்கிறது. செப்டம்பரில் வாங்கித் தீபாவளிக்கு விற்காமல் நின்ற சரக்கு மார்ச் முடிவில் ஆறு மாதத்தைத் தொட்டுவிடும். ஆடியில் கஷ்டப்பட்டுக் குறைத்த பழைய சரக்கு இந்த வழியில் மறுபடி ஏறும். அதனால் டிசம்பர் நடுவிலேயே மஞ்சள் வட்டச் சரக்கை எண்ணி, பொங்கலுக்குப் புதிதாக வாங்குவதை அந்த அளவுக்குக் குறைக்க வேண்டும். பொங்கலுக்குத் தனி ரகம் வேண்டுமென்று மொத்த வியாபாரியின் ஆள் வற்புறுத்துவார், பணம் பிறகு தரலாம் என்றும் சொல்வார். மூன்றாவது இலக்கு பெரும்பாலும் தவறுவது அந்த உரையாடலில்தான்.

நான்காம் காலாண்டில் கவனிக்க வேண்டியது எண்ணை எட்டுவதற்காகச் செய்யும் சில்லறை வேலைகள். விற்பனை 85 லட்சத்தில் நிற்கும்போது மார்ச் கடைசி வாரத்தில் தள்ளுபடிப் பலகை வைத்தால் 87 லட்சம் வந்துவிடும், லாபம் இறங்கும். ஏப்ரலில் வாங்க இருந்தவர்களே மார்ச்சில் வாங்கியிருப்பார்கள். இருப்பைக் குறைத்துக் காட்ட ஏப்ரல் சரக்கின் பில்லைத் தள்ளிப் போடச் சொல்வதும் இதே வகை. மூன்று எண்களையும் சேர்த்துப் பார்க்கும் உரிமையாளருக்கு இது உடனே புலப்படும்: விற்பனை ஏறி லாப விகிதம் இறங்கினால் தள்ளுபடி, இருப்பு குறைந்து ஏப்ரல் முதல் வாரக் கொள்முதல் வீங்கினால் பில் நகர்ந்திருக்கிறது.

மார்ச் 31 இருப்பை மட்டும் பிரிவு பிரிவாகப் பிரிக்காமல், கடையை மூடிவிட்டு ஒரே மூச்சில் எண்ணுவது நல்லது. வருமான வரிக் கணக்குக்கும் அதே எண் வேண்டும், அடுத்த ஆண்டின் தொடக்க இருப்பும் அதுவே. ஏப்ரல் 10-இல் கடைசிச் சோதனையின் தாளையும் புதிய ஆண்டின் தேவைக் கணக்கையும் ஒரே மேசையில் போடலாம். அப்போது முதலில் பார்க்க வேண்டிய வரி, மொத்த வியாபாரிகளுக்கான பாக்கி சென்ற ஏப்ரலை விடக் குறைந்ததா என்பது.